பாட்டிக்குத் தூக்க மாத்திரையைப் பாதி டோஸில்தான் டாக்டர் ஆரம்பித்தார், 3 நாளாகத் தூக்கமே இல்லை, ஏற்றவும் மாட்டேன் என்கிறார். ஏன்?

இன்னும் ஒரு வாரமாவது பொறுங்கள், நீங்களாக ஏற்றிவிடாதீர்கள். மருந்தாளுநராக இருக்கும் என் வீட்டிலேயே இது நடந்தது. 74 வயதுப் பெரியம்மாவுக்கு டயஸிபாம் 5 மி.கி. எழுதிக் கொடுத்திருந்தார்கள் (பாதியில் ஆரம்பித்திருக்க வேண்டும், அது வேறு கதை). மூன்றாவது ராத்திரியும் தூக்கம் வரவில்லை என்று அவரே இரண்டு மாத்திரையாக்கிவிட்டார்.

இந்த மருந்து கொழுப்பில் ஊறிக்கொள்ளும். வயதானால் தசை குறைந்து உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, கல்லீரலும் மெதுவாகத்தான் மருந்தை உடைக்கிறது. அதனால் 20 வயதுக்காரர் உடம்பிலிருந்து பாதி மருந்து வெளியேற ஏறக்குறைய ஒரு நாள் என்றால், எழுபதைத் தாண்டியவருக்கு மூன்று நாள் ஆகலாம்.

சரி, கணக்குப் போடுவோம். தினமும் ராத்திரி 5 மி.கி. போட்டால், இளைஞர் உடம்பில் பழைய மிச்சமும் புதியதும் சேர்ந்து 10 மி.கி.யில் நின்றுவிடும். பெரியவர் உடம்பில் அது ஏறி ஏறி 24 மி.கி. வரை போகும். அதையே 2.5 ஆக்கினால் 12, அதாவது இளைஞர் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாதி டோஸ் என்பது இதுதான். உடைந்து வரும் பொருளும் தூக்கம் தரும், அதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

மெதுவாக ஏற்றுவதற்கும் இதே கணக்குதான் காரணம். அந்த 24 இல் மூன்றாம் ராத்திரி 12தான் வந்திருக்கும், உச்சத்தை நெருங்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் 'வேலை செய்யவில்லை' என்று ஏற்றினால், முதல் டோஸே இன்னும் முழுசாக வந்து சேராத நிலையில் இன்னொன்றையும் அனுப்புகிறோம். பெரியம்மாவுக்கு ஏழாம் நாள் பேச்சு குழறியது, சுவரைப் பிடித்து நடந்தார், மாத்திரை போட்டாச்சா என்று இரண்டு தடவை கேட்டார். வயசுதானே என்று விட்டுவிட்டோம், நானும்தான். பத்தாம் நாள் ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

எல்லா மாத்திரையும் இப்படிச் சேராது. லோராஸிபாம் வயதானவர் உடம்பிலும் ஓரளவு ஒழுங்காக வெளியேறும், ஸோல்பிடெம் சில மணி நேரத்தில் போய்விடும். ஆனாலும் ஸோல்பிடெம் பெரியவர்களுக்கு 10க்குப் பதில் 5 மி.கி.தான், ஏனென்றால் ரத்தத்தில் அதே அளவு இருந்தாலும் வயதான மூளையை அது அதிகமாக அமுக்கும்.

உங்கள் பாட்டிக்கு எந்த மாத்திரை என்று நீங்கள் சொல்லவில்லை, அட்டையைப் பாருங்கள். அப்புறம், தூங்கினாரா என்பதோடு நிற்காமல் காலையில் எழுந்ததும் நடை தள்ளாடுகிறதா, பகலில் கண் சொருகுகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று தினமும் ஒரு வரி எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஏற்றலாமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.