புதிய செக்கப் பேக்கேஜ் விளம்பரத்தில் அந்தத் தடித்த எழுத்தைப் பற்றியும் சொல்லுங்கள்

கேள்வி: "எங்கள் தெரு கிளினிக்கில் புதிதாக ஹெல்த் செக்கப் பேக்கேஜ் தொடங்குகிறோம். யாரையும் பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் ஒரு நிமிட விளம்பர ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?"

நான் ஒரு கிளினிக்குக்கு எழுதிய முதல் ஸ்கிரிப்டில் "முழு உடல் பரிசோதனை, முழு நிம்மதி" என்று போட்டிருந்தேன். ரிப்போர்ட் வாங்கிப்போன ஒருவர் மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே வந்து நின்றார். இரவெல்லாம் தூங்கவில்லையாம். ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண் 'நார்மல்' எல்லையைத் தாண்டியதால் தடித்த எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பி வைத்தார்.

லேப்காரர்கள் 'நார்மல்' என்று அச்சிடும் எல்லை, பெரும்பாலும் ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் உள்ளே வருகிற மாதிரி வைக்கப்படுவது. மீதி ஐந்து பேர் நன்றாக இருந்தும் வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஆரோக்கியமான நூறு பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்றாவது எல்லை தாண்டியிருக்கும். '80 டெஸ்ட்' என்று பெருமையடிக்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரையை மட்டும் வைத்து நான் இப்படி எழுதுவேன்:

"காலையில் வெறும் வயிற்றில் வாருங்கள். எட்டு மணி நேரமாவது சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், காபி வேண்டாம். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை என்றால் சர்க்கரை நோய் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். 126 அல்லது அதற்கு மேல் வந்தாலும், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவு சொல்ல மாட்டோம். இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வோம். ரிப்போர்ட்டை டாக்டரே உங்களோடு உட்கார்ந்து விளக்குவார்."

சர்க்கரை 118 வந்த ஒருவர் இதைக் கேட்டிருந்தால் தன் இடம் எது என்று அவருக்கே தெரிந்துவிடும். கடைசி வரியை மட்டும், டாக்டர் நிஜமாகவே நேரம் ஒதுக்குவார் என்றால் போடுங்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விட்டுவிடும் கிளினிக் என்றால் அந்த வரி பொய்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட்டும் பேக்கேஜில் இருந்தால் ஒரு வாக்கியம் சேருங்கள்: "ரத்தசோகை இருந்தால் முன்பே சொல்லுங்கள்." இரும்புச்சத்துக் குறைவில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.

அப்புறம், 'புற்றுநோய் மார்க்கர்' என்று ஏதாவது சேர்த்திருந்தால் டாக்டரிடம் பேசி எடுத்துவிடச் சொல்வேன். சினைப்பைப் புற்றுநோய் தொடர்பாகப் பார்க்கும் சிஏ-125 ரத்த டெஸ்ட் போன்றவை எந்தத் தொந்தரவும் இல்லாதவரைச் சலித்துப் பார்க்கப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மாதவிடாய்க் காலத்தில்கூட சிஏ-125 கூடலாம்.