திருவிழாப் படங்கள்: டிவிடியா, ஹார்ட் டிஸ்க்கா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்களும் காணொளிகளும் 1994 முதல் சேர்ந்து 160 ஜிபி ஆகிவிட்டன. இவற்றை டிவிடியில் பதிந்து அலமாரியில் வைப்பதா, இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி அவற்றில் பதிந்து வைப்பதா? எது நெடுங்காலம் தாங்கும்?
– கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், ஆனால் பூட்டி வைத்து மறந்துவிடலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். டிவிடி ஒன்றில் 4.7 ஜிபிதான் அடங்கும் என்பதால் உங்களுக்கு 35 வட்டுகள் தேவைப்படும். ஆண்டுதோறும் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எந்தக் குழுவுக்கும் பொறுமை இருக்காது.

கடையில் விற்கும் சினிமா டிவிடியில் தகவல் அச்சில் அழுத்திய குழிகளாக இருக்கிறது. நாம் பதியும் டிவிடியிலோ ஒரு சாயப் பூச்சின் மேல் லேசர் சுட்ட தழும்புகளாகத்தான் இருக்கிறது. அந்தச் சாயம் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஆகாது. இத்தகைய வட்டுகளை 23 பாகைக்கும் 50 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கும் மேற்படாமல் வைக்க வேண்டும் என்பது ஆவணக் காப்பாளர்களின் கணக்கு. நம் ஊரிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. என் தங்கையின் திருமண டிவிடி 2006இல் பதிந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்துப் போட்டபோது நாற்பதாவது நிமிடத்தில் படம் உறைந்து நின்றது. வட்டில் பதிவு உள்வளையத்தில் தொடங்கி வெளிவிளிம்பில் முடிகிறது. விளிம்பில்தான் பதிவும் பெரும்பாலும் சற்றுப் பலவீனமாக விழுகிறது, ஈரமும் முதலில் நுழைகிறது. அதனால் தாலி கட்டும் காட்சி தப்பியது, பந்தி முழுவதும் போயிற்று! நண்பர் ஒருவரின் பழைய டிரைவில் போட்டபோது மேலும் பத்து நிமிடம் கிடைத்தது. உங்களிடம் உள்ள பழைய டிவிடி ஏதேனும் திடீரென்று மெதுவாகப் படித்தாலோ, டிரைவ் மீண்டும் மீண்டும் சுழன்று இரைந்தாலோ, அன்றைக்கே அதைப் படியெடுத்துவிடுங்கள்.

புளூரே வட்டுகளில் பெரும்பாலானவை சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் பூச்சு கொண்டவை, ஆகவே உறுதியானவை (உறையில் LTH என்றிருந்தால் அது சாய வகை, வாங்க வேண்டாம்). 25 ஜிபி வட்டுகள் ஏழு உங்களுக்குப் போதும். இருந்தும் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் புளூரே வட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. டிரைவ் உள்ள மடிக்கணினியும் அரிதாகிவிட்டது. வட்டு உயிரோடு இருந்து, அதைப் படிக்கும் கருவி இல்லாமல் போவதுதான் இனி வரும் ஆபத்து. மூன்றாம் படியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பதிவு எளிதில் மங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடக்கும்போது சுழலும் பகுதி இறுகுவதும், மின்னணுப் பலகை துருப்பிடிப்பதும், கை தவறிக் கீழே விழுவதும்தான் அதைக் கெடுக்கின்றன. வெவ்வேறு நிறுவனத்தின் டிஸ்க் இரண்டாக வாங்குங்கள். ஒரே தொகுதியில் வந்தவை ஒரே காலத்தில் கெடக்கூடும். எஸ்எஸ்டி வேண்டாம். அதில் தகவல் மின்னூட்டமாகத் தேங்கியிருக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசிந்துவிடும்.

படங்களைப் பதிந்தவுடன் விண்டோசின் பவர்ஷெல்லில் இந்தக் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள் (E என்பது டிஸ்க்கின் எழுத்து, padangal என்பது கோப்புறை):

```
Get-ChildItem E:\padangal -Recurse -File | Get-FileHash | Export-Csv E:\pattiyal.csv
```

ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஓர் எண் அந்தப் பட்டியலில் பதிவாகும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பட்டியலின் படி ஒன்றை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொருமுறை, திருவிழா முடிந்து புதிய படங்களைச் சேர்க்கும் நாளில், இரண்டு டிஸ்க்கிலும் அதே கட்டளையை, பட்டியல் கோப்புக்கு மட்டும் வேறு பெயர் இட்டு ஓட்டிப் பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். இரண்டு படிகள் ஒத்துப்போகாதபோது எது சரி என்று சொல்வது அந்தப் பட்டியல்தான். அது இல்லையென்றால் ஊகம்தான். இவ்வாறு முழுவதும் படித்துவிட்டாலே டிஸ்க்கும் ஓடியதாகிவிடும். ஐந்தாறு ஆண்டில் புதிய டிஸ்க்கிற்கு மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக ஓடினாலும் சரி.

டிஸ்க்கை நிலைமின் காப்புப் பையில் இட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று ஈப்போவில் உள்ள உறவினர் யாரிடமாவது இருக்கட்டும். கோயில் சாமான் அறை தகரக் கூரை என்றால், இரண்டில் எதுவும் அங்கே வேண்டாம்.