தங்கம், குரூட், நிஃப்டி: எதில் எத்தனை லாட் வாங்கலாம்?

கேள்வி: ஐயா, 10 லட்சம் ரூபாய் வைத்து எம்சிஎக்ஸில் கோல்டு மினி, குரூட் மினி இரண்டிலும் தலா ஒரு லாட், பங்குச் சந்தையில் ஒரு லட்சத்துக்கு நிஃப்டி பீஸ் என்று பொசிஷனல் டிரேடிங் செய்கிறேன். "ஒரு டிரேடில் மூலதனத்தின் 1 சதவீதம்தான் போகலாம், ஃபிக்ஸ்ட் ஃபிராக்‌ஷனல்தான் சரி" என்கிறார் ஒரு நண்பர். "சின்னக் கணக்குக்கு ஃபிக்ஸ்ட் ரேஷியோதான், டெல்டா 25,000 வைத்துக்கொள்" என்கிறார் இன்னொருவர். யூடியூபில் எல்லாவற்றுக்கும் சம ரிஸ்க் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் எதைப் பின்பற்றுவது?

பதில்: முதலில் இப்போதைய நிலையை எண்ணில் பார்த்துவிடுவோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட வட்டமான எண்கள். உங்கள் திரையில் இருக்கும் எண்ணைப் போட்டு நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

10 கிராம் தங்கம் 1,20,000 ரூபாய், அதன் 20 நாள் ஏடிஆர், அதாவது ஒரு நாளில் விலை சராசரியாக ஏறி இறங்கும் வீச்சு, 1,500 ரூபாய் என்று வைப்போம். கோல்டு மினி 100 கிராம். ஆகவே ஒரு லாட் ஒரு நாளில் 15,000 ரூபாய் அசையும். குரூட் பேரலுக்கு 5,500, ஏடிஆர் 130. மினி லாட் 10 பேரல், ஒரு நாள் அசைவு 1,300 ரூபாய். நிஃப்டி பீஸ் யூனிட் 280, ஏடிஆர் 3 என்றால் ஒரு லட்சத்துக்கு வரும் 357 யூனிட்டும் சேர்ந்து அசைவது சுமார் 1,070 ரூபாய்தான்.

மூன்றையும் கூட்டினால் உங்கள் அன்றாட ஏற்ற இறக்கத்தில் ஏழில் ஆறு பங்கு தங்கத்திலிருந்து வருகிறது. மூன்று சந்தையில் பணம் பிரிந்திருப்பதாக நினைக்கிறீர்கள். கணக்கு வழக்கில் நீங்கள் ஒரு தங்க டிரேடர். குரூட் சரியாகப் போனாலும் தவறாகப் போனாலும் மாதக் கடைசியில் அது தெரியவே தெரியாது. தங்கத்தில் இரண்டு ஏடிஆர் தள்ளி ஸ்டாப்லாஸ் வைத்தால் ஒரே டிரேடில் போவது 30,000, அதாவது மூலதனத்தில் 3 சதவீதம். இந்தக் கோணல்தான் முதலில் நிமிர வேண்டும்.

நண்பர் சொன்ன 1 சதவீதத்தை இதில் பொருத்துவோம். ஒரு டிரேடில் போகக்கூடியது 10,000. அதை ஒரு லாட்டுக்கான ஸ்டாப்லாஸ் நஷ்டத்தால் வகுத்தால் லாட் எண்ணிக்கை வரும். கோல்டு மினிக்கு 30,000-ஆல் வகுத்தால் ஒரு லாட்டுக்கே இடமில்லை. எனவே 8 கிராம் கொண்ட கோல்டு கினிக்கு இறங்குங்கள். அதன் ஒரு நாள் அசைவு 1,200, இரண்டு ஏடிஆர் ஸ்டாப் 2,400, ஆகவே 4 லாட். குரூட் மினியில் ஸ்டாப் 2,600, ஆகவே 3 லாட். பின்னத்தை எப்போதும் கீழ்ப்பக்கமாகவே தள்ளுங்கள். நிஃப்டி பீஸில் ஸ்டாப் 6 ரூபாய், 1,666 யூனிட், சுமார் 4.66 லட்சம் ரூபாய்.

இப்போது அதே மூன்றை சம ரிஸ்க் வழியில் செய்து பாருங்கள். அந்த வழியில் ஸ்டாப்லாஸைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றும் நாளுக்கு மூலதனத்தின் அரை சதவீதம், அதாவது 5,000 ரூபாய் மட்டும் அசைய வேண்டும் என்பதே விதி. 5,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் 4 லாட் கினி. 1,300-ஆல் வகுத்தால் 3 லாட் குரூட். 3-ஆல் வகுத்தால் 1,666 யூனிட். அச்சு அசலாக அதே விடை. ஸ்டாப்லாஸை இரண்டு ஏடிஆர் என்று வைத்தவுடன் இரண்டும் ஒரே கணக்கு ஆகிவிடுகின்றன. 1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்கார்ட்டும் பயிற்சி கொடுத்த 'டர்ட்டில்' டிரேடர்கள் செய்ததும் இந்த வகைதான்: சந்தை ஒரு ஏடிஆர் அசைந்தால் கணக்கு 1 சதவீதம் அசையும் அளவுக்கு ஒரு யூனிட், ஸ்டாப் இரண்டு ஏடிஆர். உங்கள் அளவுக்கு அதில் பாதி போதும்.

இரண்டும் பிரிவது சார்ட்டைப் பார்த்து ஒட்டி ஸ்டாப் வைக்கும்போது. குரூடில் சப்போர்ட்டுக்குக் கீழே 30 ரூபாயில் ஸ்டாப் வைக்கிறீர்கள் என்று வைப்போம். ஒரு லாட்டுக்கு நஷ்டம் 300. 10,000-ஐ 300-ஆல் வகுத்தால் 33 லாட்! விதியை மீறவில்லை, காகிதத்தில் 1 சதவீத ரிஸ்க்தான். ஆனால் அந்த 33 லாட்டின் மதிப்பு 18 லட்சத்துக்கு மேல், ஒரு சாதாரண நாளின் அசைவே 42,900 ரூபாய். நாள் முழுக்க 130 ரூபாய் ஆடும் பண்டத்தில் 30 ரூபாய் ஸ்டாப் தற்செயலான ஆட்டத்திலேயே அடிபடும். அதைவிட மோசம், ஒபெக் கூட்ட முடிவு வார இறுதியில் வந்து திங்கள்கிழமை விலை தாண்டித் திறந்தால் அந்த ஸ்டாப் இருந்ததே தெரியாது.

குரூடில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 20 ஏப்ரல் 2020 இருக்கிறது. ஊரடங்கால் எம்சிஎக்ஸ் அன்று மாலை 5 மணிக்கே மூடியது. ஏப்ரல் ஒப்பந்தம் கடைசியாகக் கைமாறியது 965 ரூபாய் வாக்கில். அன்றிரவு நியூயார்க்கில் விலை மைனஸ் 37.63 டாலரில் முடிய, எம்சிஎக்ஸ் செட்டில்மென்ட் விலை மைனஸ் 2,884 ரூபாய் ஆனது. பேரலுக்கு 3,849 ரூபாய் நஷ்டம், இடையில் வெளியேற ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. இன்றைய மினி லாட் அளவில் பார்த்தால் 3 லாட் வைத்திருந்தவருக்கு சுமார் 1.15 லட்சம் போயிருக்கும். வலிக்கும், ஆனால் கணக்கு பிழைக்கும். 33 லாட் வைத்திருந்தவர் 12.7 லட்சம் இழந்து, 10 லட்சமும் போக புரோக்கருக்குக் கடன்பட்டிருப்பார். ஆகவே இரண்டு வழியிலும் லாட் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, எது குறைவோ அதை எடுங்கள். ஸ்டாப் ஒட்டியிருப்பதற்காக லாட்டைக் கூட்டவே கூட்டாதீர்கள். எக்ஸ்பைரி நாள் வரை குரூடைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

ஃபிக்ஸ்ட் ரேஷியோ விஷயத்துக்கு வருகிறேன். இது வேறொரு கேள்விக்கான விடை. லாபம் வர வர லாட்டை எப்போது ஏற்றுவது என்பதை அது சொல்கிறது. எந்தச் சந்தைக்கு எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. கையில் எத்தனை லாட் இருக்கிறதோ அத்தனை டெல்டா புதிதாகச் சம்பாதித்தால் ஒரு லாட் கூட்டலாம் என்பது விதி. டெல்டா 25,000 என்றால் இரண்டாவது லாட்டுக்கு 25,000 லாபம் போதும், மூன்றாவதுக்கு மேலும் 50,000, நான்காவதுக்கு மேலும் 75,000. இதன் நல்ல பக்கம் உண்மையானது. ஒரே ஒரு லாட் வாங்கும் அளவுக்கே பணம் இருப்பவர் சதவீத விதியில் இரண்டாவது லாட்டுக்கு மூலதனம் இரட்டிப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். அந்த முடக்கத்தை இது உடைக்கிறது.

ஆனால் இந்தச் சூத்திரத்தில் உங்கள் ஆரம்ப மூலதனம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 2 லட்சம் வைத்திருப்பவருக்கும் 20 லட்சம் வைத்திருப்பவருக்கும் ஒரே லாட் எண்ணிக்கைதான் வரும். 2 லட்சத்தில் ஒரு லாட் குரூட் மினியுடன் ஆரம்பிப்பவரின் ரிஸ்க் ஒரு டிரேடுக்கு 2,600, அதாவது 1.3 சதவீதம். லாபம் 25,000 தொட்டதும் 2 லாட், 2.3 சதவீதம். லாபம் ஒன்றரை லட்சம் ஆகும்போது 4 லாட், ஏறக்குறைய 3 சதவீதம். அதற்குப் பிறகுதான் சதவீதம் இறங்கத் தொடங்குகிறது. லாபம் ஆரம்ப மூலதனத்தை எட்டும் காலத்தில் ரிஸ்க் உச்சத்தில் நிற்கிறது, அதாவது நல்ல ஓட்டம் ஓடி முடிந்து சறுக்கல் வரக்கூடிய நேரத்தில். இது சூத்திரத்தின் இயல்பு. டெல்டாவை மாற்றினால் உச்சத்தின் உயரம் மாறும், உச்சம் மறையாது.

உங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. டெல்டா ரூபாயில் இருக்கிறது. 25,000 என்பது கோல்டு மினிக்கு இரண்டு நாள் அசைவுகூட இல்லை, குரூட் மினிக்கு 19 நாள் அசைவு. ஒரே டெல்டாவை இரண்டுக்கும் வைத்தால் தங்கத்தில் லாட் விறுவிறுவென்று ஏறும், மறுபடி தங்க டிரேடர் ஆகிவிடுவீர்கள். அதைச் சரிசெய்ய டெல்டாவை 20 ஏடிஆர் என்று வைத்தால், சம ரிஸ்க்கைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்ததாகிறது. 1 கிராம் கோல்டு பெட்டல் வரை சின்ன லாட் கிடைக்கும் இன்றைக்கு, லாட் முடக்கம் என்ற அந்தப் பிரச்சினையே தங்கத்தில் இல்லை. எனவே உங்களுக்கு ஃபிக்ஸ்ட் ரேஷியோ வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து.

சந்தைகளுக்கு இடையே பிரிக்க ஏடிஆர் வழி சம ரிஸ்க், மொத்த அளவு மூலதனத்தோடு ஏறி இறங்க சதவீத விதி: இதை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மூலதனத்தைப் புதிதாக எழுதி அரை சதவீதத் தொகையை அதற்கேற்ப மாற்றுங்கள். ஏடிஆரைப் புது டிரேட் போடும்போது மட்டும் பாருங்கள்.

இந்த முறை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: சந்தை அமைதியாகும்போது ஏடிஆர் சுருங்கி லாட் தானாகக் கூடும். குரூட் ஒரு மாதம் தூங்கினால் ஏடிஆர் 65 ஆகி, உங்கள் 3 லாட் 7 ஆகும். பெரிய அசைவு பல சமயம் அப்படிப்பட்ட தூக்கத்தை அடுத்துத்தான் வரும். 20 நாள் ஏடிஆர், ஒரு வருடச் சராசரி ஏடிஆர், இரண்டில் பெரியதை வைத்துக் கணக்கிட்டால் இந்தப் பொறியில் விழமாட்டீர்கள்.

மூன்றும் தலா 5,000 அசைந்தாலும், தனித்தனி வழியில் போகும் நாட்களில் உங்கள் மொத்த அசைவு 15,000 இல்லை, சுமார் 8,700தான். ஆனால் மார்ச் 2020-இல் பங்கும் எண்ணெயும் சரிய, சில நாட்கள் தங்கமும் கூடவே விழுந்தது. அப்படிப்பட்ட நாளுக்கு முழு 15,000-ஐயும், அதன் சில மடங்கையும் தாங்க முடியுமா என்று பாருங்கள். நிஃப்டி பீஸுக்கு 4.66 லட்சம் ரொக்கமாகப் போவதால் மீதி 5.34 லட்சத்தில்தான் இரண்டு கமாடிட்டிக்கும் மார்ஜினும், அன்றாட நஷ்டத்துக்குக் கட்டும் எம்டிஎம்-மும் வர வேண்டும். மேலே சொன்ன அளவில் கினி 4 லாட்டின் மதிப்பு 3.84 லட்சம், குரூட் 3 லாட் 1.65 லட்சம். ஒப்பந்தங்களின் முழு மதிப்பே 5.49 லட்சம்தான் என்பதால் மார்ஜினுக்கு நெருக்கடி இல்லை. கினியில் வாங்க விற்க ஆள் மினியைவிடக் குறைவு. அதனால் மார்க்கெட் ஆர்டர் போடாமல் லிமிட் ஆர்டரே போடுங்கள்.

நாளை வெள்ளியைச் சேர்க்க ஆசைப்பட்டால் அதற்குப் புதிதாக 5,000 ஒதுக்காதீர்கள். தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும். தங்கத்துக்கு இருக்கும் அதே 5,000-ஐ இரண்டுக்கும் தலா 2,500 என்று பிரித்து, கினியை 2 லாட்டாகக் குறையுங்கள். சில்வர் மைக்ரோவின் ஒரு லாட் 1 கிலோ. அன்றைய ஏடிஆரில் அது ஒரு நாளில் 2,500-க்கு மேல் அசைந்தால் வெள்ளிக்கு இப்போது இடமில்லை.