ஹை புரோட்டீன் என்று போட்டிருக்கிறதே, அக்கா: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புரதம் பற்றியவை. விதியை ஒரே தடவை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, ஓர் உணவின் மொத்தக் கலோரியில் 12 சதவீதமாவது புரதத்திலிருந்து வந்தால் ‘சோர்ஸ் ஆஃப் புரோட்டீன்’ என்று எழுதலாம். 20 சதவீதத்தைத் தொட்டால் ‘ஹை புரோட்டீன்’. பிரிட்டனிலும் அதே அளவுதான். புரதக் கிராமை 4ஆல் பெருக்கி, கலோரியால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். பின்பக்க அட்டவணை மட்டும் போதும்.

கச்சான் வெண்ணெயில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது. ஆனாலும் போத்தலில் வெறும் ‘சோர்ஸ்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். காளான் பெட்டியில் ‘ஹை’ என்கிறார்கள். யார் பிழை? (லூயிஷம் வாசகர்)

யாரும் பிழை இல்லை. கச்சானில் பாதி எண்ணெய். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும், புரதம் 4தான் தரும். 25 கிராம் புரதத்துக்கு 100 கலோரி, மொத்தம் 600. ஆறில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 17 சதவீதம். காளான் பெரும்பாலும் தண்ணீர். அதில் கலோரியே கொஞ்சம் என்பதால், இருக்கிற 2, 3 கிராம் புரதமே பெரிய பங்காகத் தெரிகிறது. கச்சானுக்குப் பதிலாகக் காளான் சாப்பிட்டால் புரதம் கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

என் தயிர்க் கப்பில் 15 கிராம் புரதம், 60 கலோரி. கணக்குப் போட்டால் 100 சதவீதம் வருகிறது. இது தூய புரதமா?

இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 15 என்பது 150 கிராம் கப்புக்கான நிரலில் இருக்கிறது. 60 என்பது 100 கிராமுக்கான நிரல். இரண்டையும் ஒரே நிரலிலிருந்து எடுக்க வேண்டும் என்று போன முறையும் எழுதினேன், அதற்கு முந்தைய முறையும் எழுதினேன். 100 கிராமுக்கு 10 கிராம் புரதம், 60 கலோரி: மூன்றில் இரண்டு பங்கு. நல்ல தயிர்தான். ஆனால் அதன் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் ‘கிரீக் ஸ்டைல்’ தயிரை அதே நினைப்பில் எடுத்துவிடாதீர்கள். கொழுப்பு நிறைந்த வகையில் 100 கிராமுக்கு 4, 5 கிராம் புரதமும் 130 கலோரியும் இருக்கும். அது 16 சதவீதத்தைத் தாண்டாது.

பிள்ளைக்கு மோல்ட் பானத் தூள் வாங்குகிறேன். ‘பாலில் கலந்தால் ஹை புரோட்டீன்’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா? (ஹரோ வாசகி)

எழுத்து சட்டப்படி சரி. தயாரிப்பாளர் சொன்னபடி கலந்து, குடிக்கத் தயாரான நிலையில்தான் அளக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அனுப்பிய அட்டவணைப்படி 20 கிராம் தூளில் புரதம் 1.8 கிராம், கலோரி 75. பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே, ‘சோர்ஸ்’ கூட இல்லை. அதோடு 200 மில்லி அரைக்கொழுப்புப் பால் சேருங்கள்: 7 கிராம் புரதம், 95 கலோரி. இப்போது மொத்தம் 8.8 கிராம், 170 கலோரி. பங்கு 20ஐத் தாண்டிவிட்டது. புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு உங்கள் வீட்டுப் பாலுடையது. பாலைத் தனியாகக் கொடுத்தாலும் அந்த 7 கிராம் போய்ச் சேரும்.

அம்மாவுக்கு 78 வயது, 50 கிலோ. சாப்பாடு இறங்குவதில்லை. ‘ஹை புரோட்டீன்’ சூப் ஒரு நாளைக்கு மூன்று கப் கொடுக்கிறேன். போதும்தானே, அக்கா? (ஈஸ்ட்ஹாம் வாசகி)

போதாது, தங்கச்சி. இந்த வாரமே மாற்றுங்கள்.

நீங்கள் எழுதிய கணக்கு இது: ஒரு கப்பில் 55 கலோரி, 4 கிராம் புரதம். பங்கு 29 சதவீதம், ஆகவே எழுத்தில் குறை இல்லை. ஆனால் மூன்று கப்பும் சேர்ந்து 12 கிராம்தான். இந்த வயதில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமாவது வேண்டும், சற்றுக் கூடினால் நல்லது. அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். சூப் வயிற்றை நிரப்பிவிடுகிறது, மீதி 40 கிராமுக்கு இடமே வைப்பதில்லை.

இதை நான் என் வீட்டில் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிந்து வீட்டுக்கு வந்த என் மாமிக்கு, பார்க்க வந்த ஒருவர் இப்படியான சூப் பைக்கற்றுகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். நான் வேலையில் இருந்த நேரமெல்லாம் அதுவே சாப்பாடாகிவிட்டது. ஒரு மாதத்தில் மேல்கை மெலிந்து, இரண்டு கையையும் ஊன்றினாலும் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. ‘அதில புரதம் கனக்க இருக்கெண்டு போட்டிருக்கே, பிள்ளை’ என்று மாமி பைக்கற்றைத் திருப்பிக் காட்டியது இன்னும் எனக்கு மனதை அறுக்கிறது. பங்கை மட்டும் கேட்டு அளவைக் கேட்காத இந்த விதியில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஒரு பரிமாறலில் குறைந்தது இத்தனை கிராம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், நீர்த்த சூப்பெல்லாம் இந்தப் பெயரை வாங்கியிருக்காது.

செய்ய வேண்டியது: சூப்பை ஒரு கப்பாகக் குறையுங்கள். அந்த ஒரு கப்பிலும் 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரையுங்கள், 7 கிராம் புரதம் கூடும். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். மத்தியானம் கெட்டித் தயிர் 100 கிராம், 10 கிராம். மீதியைப் பருப்பும் மீனும் பாலும் நிரப்பட்டும். சிறுநீரக நோய் இருந்தால் இதில் எதையும் செய்யாமல் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொழுப்பு நீக்கிய பாலில் புரதத்தைக் கூடச் சேர்க்கிறார்களா?

இல்லை. இரண்டிலும் 3.5 கிராம் அளவுதான். கொழுப்பை எடுத்ததும் கலோரி 65இலிருந்து 35க்கு இறங்க, பங்கு 21இலிருந்து 40க்கு ஏறுகிறது. ஒரு துளி புரதமும் கூடவில்லை.

கொலாஜன் தூளில் ‘ஹை புரோட்டீன்’ என்று இருக்கிறது. முட்டைக்குப் பதிலாக எடுக்கலாமா? (பாரிஸ் வாசகர்)

வேண்டாம். ஐரோப்பிய விதி புரதத்தின் அளவைப் பார்க்கிறது, தரத்தைப் பார்ப்பதில்லை. கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லை. அமெரிக்காவில் தரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதால், அங்கே இதே தூள் தனியாக நின்று இந்தப் பெயரை வாங்க முடியாது.

சென்னையில் வாங்கிய பிஸ்கட்டுக்கு உங்கள் சூத்திரம் சரிவரவில்லை.

வராது. இந்திய விதி ஒரு நாளைய தேவையில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறது. கலோரிப் பங்கை அங்கே பொருத்தாதீர்கள்.

‘ஹை புரோட்டீன்’ பிஸ்கட் படம் அனுப்பியிருக்கிறேன். நல்லதா?

முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கத்தை அனுப்புங்கள்.

மைசூர்ப் பருப்புப் பையில் ஏன் ஒன்றும் எழுதுவதில்லை? (டூட்டிங் வாசகி)

எழுதலாம் என்பதுதான் சட்டம், எழுத வேண்டும் என்பதல்ல. 100 கிராம் காய்ந்த பருப்பில் 24 கிராம் புரதம், 350 கலோரி. 27 சதவீதம். பையில் எழுதாவிட்டாலும் அது ‘ஹை’தான்.