குரக்கன் பிட்டுக்கு மாறியும் அம்மாவின் எடை ஏன் குறையவில்லை?

கேள்வி: வெள்ளைச் சோற்றை விட்டுவிட்டுக் குரக்கன், தினை, தவிட்டரிசி என்று மாறினால் உண்மையிலேயே எடை குறையுமா?

தானியத்தை மாற்றினால் மட்டும் குறையாது. சாப்பிடும் அளவு குறைந்தால்தான் குறையும். அந்த அளவைக் குறைக்க இவை ஓரளவு கைகொடுக்கும். இதை நாங்கள் வீட்டில் தராசு வைத்து நிறுத்துப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டோம்.

அம்மாவுக்கு 63 வயது. கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொன்னதும் இரவுச் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டுக் குரக்கன் பிட்டு அவிக்கத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு கிலோ கூடியிருந்தது. "இரவில ஒரு பருக்கை சோறு தொடுறதில்லையே மகன், பிறகு ஏன் இப்படி?" என்று கேட்டபோது அவர் முகம் வாடிப்போயிருந்தது. அடுத்த நாள் இரவு அவர் பிட்டுக்கு எடுத்த ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தேன்.

குரக்கன் மா 130 கிராம் இருந்தது. அது ஏறக்குறைய 420 கலோரி. பிட்டுக்குப் போட்ட தேங்காய்ப்பூ 60 கிராம். அதில் 210 கலோரி. மேலே தூவிய சீனி இரண்டு மேசைக்கரண்டி, இன்னொரு 100. எல்லாம் சேர்த்து 730 கலோரி. முன்பு இரவில் அவருக்கு வடித்த அரிசி 100 கிராம்தான். அது 355 கலோரி. மீன் குழம்பையும் கீரைச் சுண்டலையும் சேர்த்தாலும் 500ஐத் தாண்டாது. குரக்கன் நல்லது என்ற நம்பிக்கையில் மாவும் தேங்காயும் தாராளமாக விழுந்திருக்கின்றன, குழம்பும் கீரையும் தட்டை விட்டே போய்விட்டன.

சமைக்காத தானியமாக எடுத்தால் தீட்டிய அரிசிக்கும் தவிட்டரிசிக்கும் 100 கிராமில் கலோரி ஒன்றுதான் என்று சொல்லலாம், இரண்டிலும் 350ஐ ஒட்டி இருக்கும். குரக்கனில் 320 அளவில். வித்தியாசம் நார்ச்சத்தில்தான். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்குள், தவிட்டரிசியில் நாலரை, குரக்கனில் 11. நார் கூடும்போது மென்று சாப்பிட நேரம் எடுக்கும், வயிறும் சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் சிலருக்கு அடுத்த கரண்டி தேவைப்படாமல் போகிறது. எடைக்கு இவற்றால் வரும் உதவி முக்கியமாக இதுதான். ஆனால் குரக்கனைப் பட்டுப்போல அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லை, செமிப்பதும் வேகமாக நடந்துவிடும். தினையையோ சாமையையோ முழுசாகச் சோறுபோல அவிப்பது மாவை விட நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இரத்தச் சீனிக்கு வேறு கணக்கு. 2014இல் சென்னையில் எடை கூடிய 15 பேருக்குச் சில நாட்கள் வெள்ளைச் சோறும் சில நாட்கள் தவிட்டரிசிச் சோறும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வெளியானது. தவிட்டரிசி நாட்களில் சீனி ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சலரோகம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதை எடை குறைந்ததாக எடுக்க முடியாது.

எங்கள் ஊரில் பலர் ஏமாறும் இன்னொரு இடம், சிவப்பாக இருந்தால் தவிட்டரிசி என்று நினைப்பது. அப்படியில்லை. சிவப்பு நெல்லின் நிறம் தவிட்டுத் தோலில் இருக்கிறது. மில்லில் பாதி தீட்டினாலும் சிவப்புக் கோடுகள் மிஞ்சும். ஒரு கைப்பிடியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மணி முழுக்கத் தோல் மூடி, முனையில் முளைக்கண் இருந்தால் தீட்டாதது. வெள்ளை உடம்பில் சிவப்புக் கீற்று மட்டும் தெரிந்தால் பெரும்பாலான தவிடு போய்விட்டது. நாங்கள் தம்பலகாமத்தில் தெரிந்த மில்லில் உமியை மட்டும் நீக்கித் தரச் சொல்லி வாங்குகிறோம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் காறல் மணம் வரும். ஆகவே இரண்டு கிழமைக்குத் தேவையானது மட்டும் வாங்குவோம். சமைக்க முன் ஒரு மணித்தியாலம் ஊறவைத்தால் பதமாக வேகும்.

அம்மா பிட்டை விடவில்லை. மாவை 80 கிராமாக்கினோம், தேங்காய்ப்பூவை 25 ஆக்கினோம், சீனியை நிறுத்தினோம். பிட்டு 345 கலோரிக்குள் வந்தது. கூடவே மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் திரும்பி வந்தன. முதல் கிழமை "பிட்டு வறட்டுது" என்று முணுமுணுத்தார். குழம்பைக் கொஞ்சம் கூட விட்டுக் குழைத்ததும் அது தீர்ந்தது. அடுத்த நான்கு மாதத்தில் மூன்று கிலோ இறங்கியது. மத்தியானம் அவர் இன்றும் சோறுதான் சாப்பிடுகிறார், அரைச் சுண்டு அரிசி, அளந்து போட்டு.