கூட்டல் எந்திரத்துக்கு எத்தனை நிலைகள் வேண்டும்?

*இரண்டு பைனரி எண்களை இலக்கம் இலக்கமாகப் படித்துக் கூட்டும் மீலி எந்திரம், அதாவது இருக்கும் நிலையையும் வரும் உள்ளீட்டையும் பொறுத்து வெளியீடு தரும் எந்திரம், வரைய வேண்டும். எண் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாமாம். நான் வரைந்தால் நிலைகள் பெருகிக்கொண்டே போகின்றன. சில கணக்குகளுக்கு விடையும் குறைந்து வருகிறது. எங்கே தப்பு?*

படித்த இலக்கங்களை நிலைகளில் சேமித்து வைக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது தேவையே இல்லை. காகிதத்தில் வலப்பக்கத்திலிருந்து கூட்டும்போது அடுத்த இடத்துக்கு என்ன எடுத்துப் போகிறோம்? கேரி மட்டும்தான். ஓர் இடத்தில் அதிகபட்சம் 1+1, அதோடு வந்த கேரி 1, ஆக 3. பைனரியில் அது 11. எனவே கேரி ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. எண் ஆயிரம் இலக்கம் நீண்டாலும் இரண்டே நிலைகள் போதும்: C0 (கேரி இல்லை), C1 (கேரி உண்டு). தொடக்க நிலை C0.

ஒவ்வொரு அடியிலும் உள்ளீடு, இரு எண்களிலிருந்தும் ஒவ்வொன்றாக வரும் பிட் ஜோடி. கீழே சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அடுத்த நிலை, பின்னால் இருப்பது வெளியீடு.

```
      00     01,10   11
C0    C0/0   C0/1    C1/0
C1    C0/1   C1/0    C1/1
```

6+7 போட்டுப் பார்ப்போம், அதாவது 110, 111. கடைசி இலக்கத்திலிருந்து ஜோடிகள் 01, 11, 11. முதல் ஜோடிக்கு 1 வரும், C0-விலேயே இருக்கிறோம். அடுத்ததற்கு 0, C1-க்குத் தாவுகிறோம். மூன்றாவதற்கு 1, C1 தொடர்கிறது. வந்த வரிசை 1, 0, 1. திருப்பி வாசித்தால் 101, அதாவது 5. ஆனால் 13 வந்திருக்க வேண்டும்.

உங்கள் விடை குறைவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். உள்ளீடு தீர்ந்தபோது எந்திரம் C1-ல் நிற்கிறது, அந்தக் கேரி வெளியே வரவே இல்லை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: n இலக்க எண்கள் என்றால் விடை சரியாக 2ⁿ குறையும். இங்கே 8. மருந்தும் சுலபம்தான். இரு எண்களுக்கும் முன்னால் ஒரு 0 சேர்த்து, கடைசியாக 00 ஜோடியைக் கொடுங்கள். C1-ல் 00 வந்தால் 1 வெளிவரும், விடை 1101. நீளம் வேறுபடும் எண்களையும் இப்படியே 0 வைத்துச் சமப்படுத்துங்கள்.

இடமிருந்து படிக்கலாமே என்று தோன்றும். முடியாது. 0111-உடன் 0000-ஐக் கூட்டினால் முதல் இலக்கம் 0, 0001-ஐக் கூட்டினால் 1. கடைசி ஜோடியைப் பார்க்காமல் முதல் வெளியீட்டைச் சொல்லவே முடியாது. நடுவில் எத்தனை 1 வேண்டுமானாலும் வரலாம் என்பதால் நிலைகளைக் கூட்டியும் பயனில்லை.

மூர் எந்திரமாகக் கேட்டால் நான்கு நிலைகள் வேண்டும். அதில் வெளியீடு நிலையோடு ஒட்டியிருப்பதால் C0, C1 ஒவ்வொன்றும் 0 காட்டுவது, 1 காட்டுவது என்று இரண்டாகப் பிரியும். தொடக்க நிலை எதையும் படிக்கும் முன்பே ஒரு 0 காட்டிவிடும், அதை விடையில் சேர்க்காதீர்கள்.