ஓலைக்கொழுக்கட்டை எங்கே தவறும்?

"திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அம்மா இறந்த ஐந்தாம் மாதம் வரும் திருக்கார்த்திகைக்கு முதல்முறையாகத் தனியே ஓலைக்கொழுக்கட்டை செய்வதாக ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். சமைக்கும் இடம் சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறது என்கிறார்கள் நண்பர்கள். அவளுக்கு எங்கே தவறும், தவறியது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் கோவைக்காரன். கொழுக்கட்டையைச் சாப்பிட்டிருக்கிறேன், செய்ததில்லை. கதையையும் இணைத்திருக்கிறேன்."

கொழுக்கட்டைக்கு முன்னால் அந்த ஐந்தாம் மாதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் தலைத்திவசம் முடியும்வரை பண்டிகை கிடையாது. பலகாரம் செய்ய மாட்டார்கள். சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டில் செய்ததில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்கள் கதாநாயகி ஐந்தாம் மாதம் மாவு வறுக்க உட்கார்ந்தால், நெல்லை வாசகர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். அவள் வழக்கத்தை மீறுகிறாள் என்பதுதான் கதை என்றால் சரி. உங்கள் கதை அது இல்லை.

இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளிவிடுங்கள். கதைக்கும் அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். முதல் வருஷம் ஏழெட்டு வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்திருக்கும். இரண்டாம் வருஷம் வராது. "அவதான் செய்வாளே" என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். போன வருஷம் கொடுத்த வீடுகளுக்கு இந்த வருஷம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். ஆக, அவள் ஆசைக்காக மட்டும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கொடுக்கவேண்டிய வீடுகள் இருக்கின்றன.

ஓலை விஷயத்தில் உங்கள் கதையில் ஒரு பிழை இருக்கிறது. பனையின் முற்றிய ஓலையில் கொழுக்கட்டை செய்ய மாட்டோம். குருத்தோலைதான் வேண்டும். வெளிறிய மஞ்சளாக இருக்கும், மடக்கினால் கிழியாது. அதைச் சாண் நீளத்துக்கு நறுக்கினால் நடு ஈர்க்கை ஒட்டித் தானாகவே மடங்கி நிற்கும். அந்த மடிப்புக்குள் மாவை நீளமாக வைத்து, மூடி, ஓலையிலேயே கிழித்த நாரால் கட்டுவது வழக்கம். நறுக்குவதும் நார் கிழிப்பதும் பல வீடுகளில் அப்பாவும் பிள்ளைகளும் செய்கிற வேலை. உங்கள் கதையில் அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் கத்தியைக் கொடுங்கள். "எத்தனை ஓலை நறுக்கட்டும்?" என்று அவர் கேட்கட்டும். எந்தெந்த வீட்டுக்கு எத்தனை என்ற கணக்கு அம்மாவிடம் இருந்தது. இப்போது மகள்தான் சொல்லியாக வேண்டும். அம்மா இல்லாததை விளக்க நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம், இந்தக் கேள்வி போதும்.

இனி மாவு. தவறுவது இங்கேதான்.

தோராயமான அளவு இது. பச்சரிசி மாவு அரைக் கிலோ, கருப்பட்டி முந்நூற்றைம்பது கிராம், ஒரு தேங்காயின் துருவல், வறுத்து மலர வேகவைத்த சிறுபயறு ஒரு கைப்பிடி, ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. கருப்பட்டியைத் தட்டிப்போட்டு இரண்டு டம்ளருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரில் கரைத்து, கொதித்ததும் இறக்கி வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் விட்டால் பல்லில் மண் கடிக்கும். பதநீரில் சுண்ணாம்பு சேர்த்திருப்பதால் அதன் கசடும் அடியில் தங்கும். பாகு சூடாக இருக்கும்போதே மாவில் ஊற்றிக் கிளற வேண்டும். சூட்டில் மாவு லேசாக வெந்து, ஒன்றோடு ஒன்று பிடிக்கும். ஆறின பாகை ஊற்றினால் அந்தப் பிடிப்பு வராது. அவிந்த பிறகு ஓலையைப் பிரித்தால் உதிரும்.

நான் சொன்ன தண்ணீர் அளவு எந்த வீட்டிலும் அப்படியே பலிக்காது. மாவு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். வீட்டில் மாவு செய்கிறவர்கள் அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, மெஷினில் கொடுத்துத் திரித்து, சலித்து வறுப்பார்கள். வறுத்த மாவை விரலால் எடுத்துத் தரையில் விட்டால் கோலம் போடுவதற்குத் தோதாக, அறுந்துபோகாமல் கோடு விழ வேண்டும். அந்தப் பதம் வராத மாவில் ஈரம் இன்னும் இருக்கிறது, அது பாகைக் குறைவாகத்தான் குடிக்கும். கார்த்திகை எங்களுக்கு மழைக்காலம். துணியில் விரித்த அரிசி காயவே காயாது. கருப்பட்டியும் இந்த மாதத்தில் ஈரக்காற்றை இழுத்து இளகியிருக்கும். பதநீர் இறக்குவது கோடையில். அப்போது வாங்கி, ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புப் புகை படும் பரணில் வைத்திருந்த கருப்பட்டி கல்லாக இருக்கும். மழை மாதத்தில் கடையில் வாங்கியது விரலுக்கு அமுங்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் இதுதான் கதி.

உங்கள் கதாநாயகிக்கு என்ன நடக்கும் என்று பார்ப்போம். அம்மா அரிசியை இரண்டு நாள் முன்னதாகவே காயவைத்துவிடுவாள், கருப்பட்டியைச் சித்திரையிலேயே வாங்கிவிடுவாள். இரண்டையும் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றியும் இருக்காது. மகள் முந்தின நாள் அரிசி நனைத்து, பாதி காய்ந்ததைத் திரித்து, அவசரத்தில் கொஞ்சம் வறுத்து, புதிதாக வாங்கிய கருப்பட்டியில், எங்கோ படித்த அளவுத் தண்ணீரை முழுக்க ஊற்றுகிறாள். மாவு தளர்ந்துவிடுகிறது. பிடித்தால் கையில் ஒட்டுகிறது. நீங்கள் அவளுக்கு வைத்திருக்கும் பிழை கருகின கருப்பட்டிப் பாகு. அதை வேறு எந்தக் கதையிலும் வைக்கலாம். இந்தத் தளர்ந்த மாவு அந்த மாதத்துக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் உரியது.

அடுத்து அவள் செய்வதுதான் உண்மையான தவறு. பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப்பார்த்து, "ஏட்டி, இப்படி இளக்கமா கெடக்கு? இன்னும் ரெண்டு கை மாவு போடு" என்கிறாள். இவளும் போடுகிறாள். அப்போதைக்கு மாவு பிடிபடுகிறது. ஆனால் வெந்நீரில் பிசைந்த அரிசி மாவு உடனே தன் ஈரத்தைக் குடித்து முடிப்பதில்லை. மூடி வைத்தால் கால் மணி, இருபது நிமிஷம்வரை குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் தானாகவே இறுகும். மேலே சேர்த்த மாவும் சேர்ந்து குடிக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது பொறுமை, அவள் போட்டது மாவு. ஓலையில் வைக்கப் போகும்போது மாவு கெட்டியாகிவிட்டது, ஓரங்களில் வெடிக்கிறது. இதற்கு ஒரு கை வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் சரியாகிவிடும். முதல்முறை செய்கிறவள் தெளிக்க மாட்டாள். ஏற்கெனவே ஒரு முறை தண்ணீர் கூடிப்போன பயம் இருக்கும்.

பிறகு அவிப்பது. இதைக் கதையில் ஒரு வரியில் கடந்துவிடலாம். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்த பிறகு, ஆவி நடுவே போகும்படி ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி இருபது, இருபத்தைந்து நிமிஷம். ஓலையின் நிறம் மங்கிப் பழுப்பேறும், பனையோலையும் கருப்பட்டியும் கலந்த மணம் வாசல்வரை வரும். பிரித்தால் ஓலையின் வரிகள் கொழுக்கட்டை மேல் பதிந்திருக்கும். ஒட்டாமல் கழன்று வந்தால் வெந்துவிட்டது. ஓலையில் ஒட்டி வந்தால் வேகவில்லை அல்லது மாவு இளக்கம்.

அவள் கொழுக்கட்டை கழன்றுதான் வரும். சூட்டோடு சாப்பிடுகிற யாருக்கும் குறை தெரியாது, ஏனென்றால் கெட்டி மாவும் சூட்டில் மெதுவாகத்தான் இருக்கும். கோயிலில் சொக்கப்பனை கொளுத்தப் போகிற அவசரத்தில் அப்பா இரண்டு சாப்பிடுவார், நன்றாயிருக்கிறது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கொடுக்க வேண்டிய வீடுகளுக்கும் போய்விடும். ஆறின பிறகுதான் விஷயம் வெளியே வரும். வெந்த அரிசி மாவு ஆறும்போது இறுகும். தண்ணீர் போதுமான அளவு இருந்தால் மறுநாளும் கடிக்க இதமாக இருக்கும், குறைந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும். விளக்கெல்லாம் அணைந்த பிறகு மீந்த ஒன்றை அவள் கடித்துப் பார்க்கும்போது தெரியும். அந்நேரம் ஏழெட்டு வீடுகளில் அதே கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருக்கும், அவளால் எதுவும் செய்ய முடியாது. உங்கள் நண்பர்கள் சொன்ன சமையல் குறிப்பு வாடை போக இது ஒரு வழி. செய்முறையில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை இந்தக் கடியை வைத்து முடிவு செய்யுங்கள். தண்ணீர், மாவு, ஆச்சி சொன்ன இரண்டு கை, மூன்றும் வேண்டும். ஏலக்காயைத் தட்டுவதும் தேங்காய் துருவுவதும் வேண்டாம்.

மறுநாள் காலையில் அவளை என்ன செய்யவைப்பது என்பது உங்கள் பாடு. செய்யக்கூடிய இரண்டை மட்டும் சொல்கிறேன். இறுகின கொழுக்கட்டையை ஓலையோடு திரும்பப் பத்து நிமிஷம் அவித்தால் மெதுவாகும், சூடு இருக்கும்வரை. கெட்டியான கொழுக்கட்டையை உதிர்த்துத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டுக் கருப்பட்டி சேர்த்துக் குடிப்பதும் உண்டு.

கடைசியாக, "மூன்று நாள் வைத்துத் தின்றார்கள்" என்ற உங்கள் வரியை எடுத்துவிடுங்கள். தேங்காய் போட்டது. மழைக்காலமானாலும் வெளியே வைத்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் ஓலையை முகர்ந்தாலே புளிப்பு தெரியும். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் ஓரிரு நாள் தாங்கும், ஆனால் ஃபிரிட்ஜில் இறுகுவது இரட்டிப்பாகும். திரும்ப அவிக்காமல் தின்ன முடியாது.